காதால் கேட்கப்படும் விடைகள்: போன் பழுதுநீக்கும் கடை ஒன்றின் வலைப்பக்கத்தைக் குரல்தேடலுக்காகத் திருத்திய அனுபவம்

போன் பழுதுநீக்கும் கடை ஒன்றின் வலைப்பக்கத்தை, வாயால் கேட்டுத் தேடுபவர்களுக்கு நேரடியாக விடை சொல்லும் வகையில் திருத்தி எழுதும் வேலையை அண்மையில் முடித்தேன். அந்தப் பக்கத்தில் அதுவரை இருந்தவை “எங்கள் சேவைகள்”, “ஏன் எங்களைத் தேர்ந்தெடுக்க வேண்டும்” என்பன போன்ற தலைப்புகளும், அவற்றின்கீழ் நீண்ட அறிமுகப் பத்திகளும்தான். ஒருவர் தம் போனைப் பார்த்து “டிஸ்பிளே மாத்த எவ்வளவு நேரம் ஆகும்” என்று கேட்டால், அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துப் படித்துக்காட்டத் தகுந்த வாக்கியம் ஒன்றுகூட அதில் இல்லை. கேள்வி வடிவிலான தலைப்பு, அதன்கீழ் பேசுவது போன்ற சிறிய விடை என்ற அமைப்பிற்கு அதை மாற்றியபோது செய்தவற்றையும், தமிழுக்கென்றே எழுந்த சில சிக்கல்களையும் இங்கே பதிவு செய்கிறேன்.

எழுதத் தொடங்கும் முன் கேள்விகளை இரண்டாகப் பிரித்தேன். இந்த ஒரு படியைத் தவிர்த்தால் பின்னால் செய்யும் உழைப்பில் பாதி வீணாகும் என்பது என் கருத்து. “பக்கத்துல போன் ரிப்பேர் கடை எங்க இருக்கு”, “இப்ப எந்தக் கடை திறந்திருக்கு” என்ற கேள்விகளுக்கு வலைப்பக்கத்திலுள்ள வாக்கியங்கள் விடையாவதில்லை. அவற்றுக்கான விடை வரைபடத்தில் பதிவாகியுள்ள கடைகளின் விவரங்களிலிருந்தே எடுக்கப்படுகிறது. அப்படிப்பட்ட முடிவுகளை வரிசைப்படுத்துவதற்குப் பொருத்தம், தொலைவு, முக்கியத்துவம் ஆகிய மூன்றையும் முதன்மையாகக் கணக்கில் கொள்வதாகக் கூகுள் தன் உதவிப் பக்கத்திலேயே கூறுகிறது. இவற்றுள் தொலைவு என்பது கேட்பவர் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. ஆகவே “உங்களுக்கு அருகில் உள்ள சிறந்த கடை” என்று தலைப்பில் பத்து இடத்தில் எழுதினாலும் கடை ஓர் அடிகூட அவரருகே நகரப்போவதில்லை. சிலர் இதே சொற்களைப் பதிவிலுள்ள கடைப் பெயரோடு ஒட்டிவிடுகிறார்கள்; கடையின் உண்மையான பெயர் மட்டுமே அங்கே இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி, அதை மீறினால் பதிவே முடக்கப்படக்கூடும்.

இந்த முதல் வகைக்காக நான் செய்தது எழுத்துவேலை அன்று, பதிவைச் சரிபார்க்கும் வேலை. கடையின் வகை “மொபைல் போன் பழுதுநீக்கும் கடை” என்பதாக இல்லாமல் பொதுவான மின்னணுப் பொருள் கடை என்று இருந்தது; அதை மாற்றச் செய்தேன். திறக்கும் நேரம், விடுமுறை நாள்களுக்கான தனி நேரம், தொலைபேசி எண் ஆகியவற்றை உரிமையாளரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். ஐபோனில் சிரியிடம் கேட்பவர்களுக்கு ஆப்பிள் மேப்ஸ் பதிவும் முக்கியமாதலால் அங்கேயும் அதே விவரங்களை ஏற்றினோம். அதற்கு மேல் அந்த வகைக்காகப் பக்கத்தில் எதையும் எழுதவில்லை.

பக்கத்தில் எழுத வேண்டியவை இரண்டாம் வகைக் கேள்விகள். ஒரு கடை இன்ன வேலையைச் செய்யுமா, எவ்வளவு நேரமாகும், வருவதற்கு முன் என்ன செய்ய வேண்டும், எதைக் கொண்டுவர வேண்டும் என்று கேட்பவை அவை. இவற்றைத் திரட்ட இரண்டு வழிகளைக் கையாண்டேன். முதலாவது, கடையின் மேசைக்குப் பின்னால் அமர்ந்து, நேரில் வருபவர்களும் தொலைபேசியில் அழைப்பவர்களும் கேட்பதை அவர்கள் சொன்ன சொற்களிலேயே குறித்துக்கொள்வது. “கீழ விழுந்து டிஸ்பிளே போயிடுச்சு, இன்னைக்கே மாத்தித் தருவீங்களா?” என்று ஒருவர் கேட்டால் அதை “திரை மாற்றத்திற்கான கால அளவு” என்று சுருக்கி எழுதக்கூடாது. அந்த வாக்கியத்தில்தான் மக்கள் பயன்படுத்தும் சொல்லும், கேள்வியின் உண்மையான உள்ளடக்கமும் இருக்கின்றன. பழைய பக்கம் முழுவதும் “தொடுதிரை” என்றே எழுதப்பட்டிருந்தது. நான் அமர்ந்திருந்த நேரத்தில் ஒருவர்கூட அந்தச் சொல்லைச் சொல்லவில்லை, எல்லோரும் டிஸ்பிளே என்றார்கள், சிலர் ஸ்கிரீன் என்றார்கள்.

இரண்டாவது வழி, ஒரு தளம் எந்தத் தேடல்களுக்குக் காட்டப்படுகிறது என்பதைத் தள உரிமையாளருக்குச் சொல்லும் கூகுளின் சர்ச் கன்சோல். குரலால் கேட்கப்பட்ட தேடல்களை மட்டும் பிரித்துக்காட்டும் வசதி அதில் இல்லை. ஆனால் கேள்விச் சொல்லோடு வரும் நீண்ட தேடல்களை வடிகட்டிப் பார்த்தால், பேச்சு நடையில் அமைந்தவை கண்ணில் படும். செயல்திறன் அறிக்கையில் தேடல் சொற்களுக்கான வடிப்பானைத் திறந்து, பல சொற்களை ஒரே வரியில் தேட உதவும் ரீஜெக்ஸ் என்ற தேர்வில் பின்வரும் வரியை இட்டேன்.

```
எவ்வளவு|எவ்ளோ|எத்தனை|எப்போ|முடியுமா|evlo|mudiyuma|epo
```

தமிழைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் மக்கள் தேடுவதால் இரண்டு வகையையும் சேர்க்க வேண்டியிருக்கிறது. “எங்க” என்பதையும் சேர்க்கலாம் என்று தோன்றும்; ஆனால் அது “எங்கள்” என்ற சொல்லையும் சேர்த்தே பிடித்துவரும் என்பதால் அதைத் தனியாகத் தேடிப் பார்ப்பது நல்லது. மிகச் சிலர் மட்டுமே கேட்ட தேடல்களை, தனியுரிமை கருதி, அந்த அறிக்கை காட்டாது. பேச்சு நடைக் கேள்விகள் ஆளுக்கு ஒரு விதமாக அமைவதால் அவற்றில் பெரும்பகுதி இப்படி மறைந்துவிடும். எனவே மேசைக்குப் பின்னால் எழுதிய குறிப்பையே முதன்மைச் சான்றாகவும், அறிக்கையைத் துணைச் சான்றாகவும் வைத்துக்கொண்டேன்.

அடுத்து, தலைப்பை எந்த நடையில் எழுதுவது என்ற கேள்வி எழுந்தது. “மாத்த எவ்ளோ நேரம் ஆகும்” என்று அப்படியே எழுதுவதா, “மாற்றுவதற்கு எவ்வளவு கால அவகாசம் தேவைப்படும்” என்று எழுதுவதா? பேச்சுவழக்கின் எழுத்துக்கூட்டல் இடத்துக்கு இடம், ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் மற்றவை விடுபடும், கடையின் பக்கத்தைக் கண்ணால் படிப்பவர்களுக்கும் அது இடறலாக இருக்கும். முழு எழுத்துநடையோ யாரும் வாய்திறந்து கேட்காத கேள்வியாகிவிடும். நான் எடுத்த முடிவு, சொற்களும் அவற்றின் வரிசையும் பேச்சில் உள்ளபடியே இருக்க வேண்டும், எழுத்துக்கூட்டல் மட்டும் பொதுவான எழுத்துவடிவில் இருக்க வேண்டும் என்பது. அதன்படி அமைந்த தலைப்பு “போன் டிஸ்பிளே மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?” என்பதாகும். இதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தால் ஒருவர் கேட்பது போலவே ஒலிக்கிறது, படித்தாலும் உறுத்துவதில்லை.

விடையை எழுதும்போதுதான் மிகுதியான நேரம் செலவானது. பழைய பக்கத்தில் இந்தக் கேள்விக்கு நெருக்கமாக இருந்த ஒரே வாக்கியம் இது: “எமது நிறுவனத்தில் அனைத்து வகையான திறன்பேசிகளுக்குமான தொடுதிரை மாற்றுச் சேவை, அனுபவம் வாய்ந்த வல்லுநர்களைக் கொண்டு, தரமான உதிரிபாகங்களுடன் குறுகிய காலத்தில் (1–2 மணி*) செய்து தரப்படும்.” இந்த வாக்கியத்தைக் கணினியில் ஒலிக்கச் செய்து கேட்டேன். லினக்ஸில் தமிழ் எழுத்தைப் படித்துக்காட்டும் ஈஸ்பீக் என்ற நிரலுக்கு, விடையை ஒரு கோப்பில் இட்டு, கீழ்க்கண்ட கட்டளையைத் தந்தால் போதும்.

```
espeak-ng -v ta -f vidai.txt
```

அதன் குரல் இயந்திரத்தனமானது. இருந்தாலும் அந்தக் குறையே இந்த வேலைக்கு உதவுகிறது, ஏனெனில் எழுதியவரின் தொனி எதையும் அது தானாகச் சேர்த்துக்கொள்வதில்லை. வாக்கியம் தன் அமைப்பால் மட்டுமே நிற்க வேண்டியிருக்கிறது. அதன்பின் போனிலுள்ள திரைவாசிப்பு வசதியிலும் கேட்டுப் பார்த்தேன். கேட்டவுடன் தெரிந்தவை: கேட்பவருக்குத் தேவையான ஒரே செய்தியான கால அளவு வாக்கியத்தின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் கிடக்கிறது, எண்களுக்கு நடுவேயுள்ள சிறு கோட்டைக் குரல் விழுங்கிவிடுவதால் “ஒன்று இரண்டு மணி” என்று கேட்கிறது, அது கடிகார நேரமா கால அளவா என்றே விளங்கவில்லை, உடுக்குறி காட்டும் அடிக்குறிப்பு காதுக்கு வந்துசேர்வதே இல்லை. அந்த அடிக்குறிப்பில்தான் “மாடலைப் பொறுத்தது” என்ற முக்கியமான நிபந்தனை இருந்தது.

திருத்திய விடை பின்வருமாறு அமைந்தது.

“பெரும்பாலான போன்களுக்கு டிஸ்பிளே மாற்ற ஒன்று முதல் இரண்டு மணி நேரம் ஆகும். அந்த மாடலுக்கான டிஸ்பிளே கடையில் இல்லையென்றால், வரவழைக்கக் கூடுதலாக ஓரிரு நாள் ஆகும். வருவதற்கு முன் மாடல் பெயரைச் சொல்லிக் கேட்டால், இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறோம்.”

நீளத்தைச் சொற்களால் அளக்காமல் நொடிகளால் அளந்தேன். பேக்லிங்கோ நிறுவனம் 2018-இல் வெளியிட்ட ஆய்வில் கூகுள் ஹோம் கருவி சொன்ன விடைகளின் சராசரி நீளம் 29 சொற்கள் என்று கண்டார்கள். அது ஆங்கில விடைகளைப் பற்றிய கணக்கு என்பதை மறந்து, அதே எண்ணிக்கையைத் தமிழுக்கும் விதியாகச் சொல்பவர்கள் உண்டு. வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல்லாகும் தமிழில், 29 சொற்கள் கேட்பதற்கு அதைவிட நெடியதாகவே இருக்கும். செய்திப் பக்கங்களில் குரலால் வாசிக்கத் தகுந்த பகுதியைக் குறிப்பதற்காகக் கூகுள் வகுத்த வழிகாட்டியில், ஒரு பகுதி 20 முதல் 30 நொடி வரை, ஏறத்தாழ இரண்டு அல்லது மூன்று வாக்கியங்கள் இருக்கலாம் என்று உள்ளது. அந்தக் குறியீடு செய்தி நிறுவனங்களுக்கானது, கடைக்குப் பயன்படாது. ஆனால் அந்த அளவை மட்டும் எடுத்துக்கொண்டேன். மேலே உள்ள விடை நிதானமான வேகத்தில் அதற்குள் அடங்கிவிடுகிறது.

இரண்டாவது கேள்வி இதைவிடக் கடினமானது. டிஸ்பிளேயை மாற்றினால் போனிலுள்ள படங்கள் அழிந்துவிடுமா என்று பலர் கேட்டார்கள். உரிமையாளர் தந்த விடை நேர்மையானது, ஆனால் இப்படி இருந்தது: “தண்ணீர் புகுந்தவை, போர்டு பழுதானவை, சாஃப்ட்வேர் மாற்றியாக வேண்டியவை ஆகியவற்றைத் தவிர்த்த பிற பழுதுகளில் வாடிக்கையாளரின் தரவுகள் அழிய வாய்ப்பில்லை.” தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருகிறது, ஆம், இல்லை என்ற முடிவும் அதனுள்ளேயே இருக்கிறது. கண்ணால் படிப்பவர் ஒரே பார்வையில் கடைசிச் சொல்லுக்குத் தாவிவிடலாம். காதால் கேட்பவரோ தண்ணீர், போர்டு, சாஃப்ட்வேர், அழிய என்று அச்சமூட்டும் சொற்களை எல்லாம் வரிசையாகக் கேட்டு முடித்த பிறகே “வாய்ப்பில்லை” என்பதைச் சென்றடைகிறார். அதற்குள் விலக்கு எது, விதி எது என்பது அவர் நினைவில் கலங்கிவிடுகிறது.

எனவே முதல் வாக்கியத்தில் எழுவாயையும் வினைமுற்றையும் மிக நெருக்கமாக வைத்து, விலக்குகளைத் தனி வாக்கியமாகப் பின்னால் தள்ளினேன். “டிஸ்பிளேயை மட்டும் மாற்றினால் போனில் உள்ள படங்களும் எண்களும் அழியாது. தண்ணீர் புகுந்த போனுக்கும் போர்டு பழுதான போனுக்கும் அந்த உறுதியைத் தர முடியாது. முடிந்தால் கொடுப்பதற்கு முன்பே பேக்கப் எடுத்துக்கொள்ளுங்கள்.” இங்கே முதல் வாக்கியத்திலுள்ள “மட்டும்” என்ற சொல் இன்றியமையாதது. விடை முழுவதும் படித்துக்காட்டப்படும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. முதல் வாக்கியத்தோடு நிறுத்தப்படலாம், கேட்பவரே நிறுத்திவிடலாம். அப்படி நின்றாலும், தண்ணீரில் விழுந்த போனைக் கையில் வைத்திருப்பவர் தவறான நம்பிக்கையோடு கடைக்கு வந்துவிடக்கூடாது. முதல் வாக்கியம் தனியாக எடுத்தாலும் உண்மையாக இருக்க வேண்டும் என்ற இந்த ஒரு சோதனையை ஒவ்வொரு விடைக்கும் வைத்தேன். சுருக்கத்துக்காக அதை விட்டுக்கொடுக்க நான் உடன்படவில்லை.

இதே காரணத்தால் “இச்சேவை”, “மேற்கூறிய”, “அதற்கு” என்பன போன்ற சுட்டுகளோடு எந்த விடையும் தொடங்காதபடி பார்த்துக்கொண்டேன். பக்கத்திலிருந்து பிரித்தெடுக்கப்படும்போது அந்தச் சுட்டுகள் எதைச் சுட்டுகின்றன என்பது காணாமல் போய்விடும். தலைப்பிலுள்ள பெயர்ச்சொல்லையே விடையின் முதல் வாக்கியத்தில் மீண்டும் சொல்வது படிக்கும்போது சற்றுத் திகட்டினாலும், கேட்கும்போது அதுவே பிடிமானமாகிறது. “கீழேயுள்ள பொத்தானை அழுத்தவும்” என்ற வகை வாக்கியங்களையும் நீக்கினேன். டிஸ்பிளே உடைந்து டச் வேலை செய்யாத நிலையில்தான் பலர் குரலால் தேடவே தொடங்குகிறார்கள். அவர்களிடம் பொத்தானை அழுத்தச் சொல்வது எந்த வகையிலும் உதவாது.

எழுதாமல் விட்ட கேள்விகளும் உண்டு. “போன் தண்ணீரில் விழுந்தால் என்ன செய்ய வேண்டும்?” என்பது அதிகமாகத் தேடப்படும் கேள்வி என்பதில் ஐயமில்லை. ஆனால் அதற்குப் பெரிய தளங்கள் ஏற்கெனவே விடை தந்திருக்கின்றன. அருகில் ஒரு சேவையைத் தேடுபவரின் கேள்வியும் அது அன்று. அதற்குப் பதிலாக “தண்ணீரில் விழுந்த போனைச் சரிசெய்ய முடியுமா?” என்று அந்தக் கடையால் மட்டுமே விடை சொல்லக்கூடிய வடிவில் தலைப்பிட்டு, போனை அணைத்துவைத்து, சார்ஜ் போடாமல் கொண்டுவருமாறு விடையில் சேர்த்தேன். “ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா?” என்பதற்கும் பக்கத்தில் தனி விடை எழுதவில்லை. வாக்கியமாக எழுதிவைத்த நேரம் ஒரு நாள் மாறும். பதிவில் மாற்றுபவர்கள் பக்கத்தில் மாற்ற மறப்பார்கள். இரண்டும் முரண்பட்டால் மூடிய கடைக்கு ஒருவர் வந்து திரும்ப நேரிடும். நேரத்தைப் பதிவிலும், தேடுபொறிகள் படிப்பதற்காகப் பக்கத்தின் நிரலில் இடப்படும் கட்டமைப்புத் தரவிலும் மட்டும் கீழ்க்கண்டவாறு வைத்தேன்.

```
"openingHoursSpecification": [{
  "@type": "OpeningHoursSpecification",
  "dayOfWeek": ["Monday", "Tuesday"],
  "opens": "10:00",
  "closes": "20:00"
}]
```

எடுத்துக்காட்டுக்காக இரண்டு நாள்களை மட்டும் இங்கே காட்டியிருக்கிறேன். உண்மையான பக்கத்தில் திறந்திருக்கும் எல்லா நாள்களும் உள்ளன. கேள்வி விடைகளுக்கென்று உள்ள குறியீட்டை இடவில்லை. சாதாரணக் கடைகளின் பக்கங்களுக்கு அதனால் தேடல் முடிவில் கிடைத்துவந்த விரிந்த தோற்றத்தை, 2023 ஆகஸ்டில் கூகுள் அரசு, மருத்துவத் துறை சார்ந்த நம்பகமான தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. ஒவ்வொரு கேள்வியும் இரண்டாம்நிலைத் தலைப்பாகவும், அதை ஒட்டியே ஒரு பத்தியாக விடையும் இருக்கும் எளிய அமைப்பே போதுமானது. தலைப்புக்கும் விடைக்கும் இடையில் படமோ விளம்பரப் பட்டையோ வராமல் பார்த்துக்கொண்டதைத் தவிர வேறு நுட்பம் எதுவும் இதில் இல்லை. மேலும் விளக்கம் தேவைப்படுபவர்களுக்காக, மூன்று வாக்கிய விடைக்குக் கீழே அடுத்த பத்தியில் விவரங்களை எழுதினேன். டிஸ்பிளே மாற்றிய பிறகு போனின் நீர்த்தடுப்பு முன்பு இருந்த அளவுக்கு இருக்காமல் போகலாம் என்பது போன்ற செய்திகள் அங்கே இடம்பெற்றன.

சோதிப்பதில் ஒரு வரம்பைச் சொல்லியாக வேண்டும். ஒரே கேள்வியைக் கடைக்குள் நின்று கேட்பதும் தொலைவில் நின்று கேட்பதும் வேறு வேறு விடைகளைத் தரும். சொந்தக் கணக்கில் உள்நுழைந்த போன், முன்பு பார்த்த கடையையே மீண்டும் காட்டும் போக்கு உடையது. ஆகவே கணக்கு நுழைவில்லாத போனில், கடையிலிருந்து சற்றுத் தள்ளிய வெவ்வேறு இடங்களில், வெவ்வேறு ஆள்களின் குரலில் கேட்டுப் பார்த்தோம். “பக்கத்துல” என்ற சொல்லோடு கேட்டபோதெல்லாம் வரைபடப் பட்டியலே வந்தது, எதிர்பார்த்தபடி. அந்தச் சொல் இல்லாமல், வேலையைப் பற்றி மட்டும் கேட்டபோதுதான் பக்கத்தின் வாக்கியங்களுக்கு இடம் கிடைத்தது, அதுவும் எப்போதும் அன்று. கடையின் பெயரைச் சேர்த்துக் கேட்டால் விடை சீராக வருகிறது. ஏற்கெனவே கடையை அறிந்தவர்கள் கேட்கும் முறை அது என்பதால், அந்தப் பயனையும் நான் சிறியதாகக் கருதவில்லை.

பக்கம் வெளியான பிறகு சர்ச் கன்சோலில் அதே வடிப்பானை இட்டுப் பார்க்கையில், பேட்டரி மாற்றுவதைப் பற்றிய கேள்விகளுக்கும் டிஸ்பிளே பக்கமே காட்டப்படுவது தெரிந்தது. அந்தப் பக்கத்தில் பேட்டரி என்ற சொல் விவரப் பத்தியில் ஒருமுறை மட்டும் வந்திருந்தது. அப்படிக் காட்டப்பட்டவர்களில் யாரும் சொடுக்கவில்லை. அவர்கள் கேட்டது வேறொன்று என்பதால் அது இயல்பே. “போன் பேட்டரி மாற்ற எவ்வளவு நேரம் ஆகும்?”, “பேட்டரி மாற்ற வேண்டுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?” என்ற இரண்டு தலைப்புகளோடு பேட்டரிக்குத் தனிப் பக்கம் எழுதினேன். இரண்டாவது கேள்விக்கு உரிமையாளர் வாயால் சொன்னதையே, ஒரு சொல்லைக்கூடக் கடினமாக்காமல் விடையாக வைத்திருக்கிறேன்: “பின்மூடி உப்பியிருந்தால் உடனே மாற்ற வேண்டும், சார்ஜ் போடாதீர்கள். உப்பவில்லை, ஆனால் சார்ஜ் சீக்கிரம் இறங்குகிறது என்றால் கொண்டுவாருங்கள், சோதித்துப் பார்த்துச் சொல்கிறோம்.”